இடது காதுக்குச் சொல்ல வேண்டியவை

பேசுபவர் பேசிக்கொண்டிருக்கும்போதே, கேட்பவரின் காதருகே நின்று தாழ்ந்த குரலில் அவர் மொழியில் சொல்லிக்கொண்டே போவது மொழிபெயர்ப்புத் தொழிலில் ஒரு தனி வகை. பிரெஞ்சில் கிசுகிசுப்பதைக் குறிக்கும் சொல்லிலிருந்து அதற்கு ‘ஷுஷோட்டாஜ்’ என்று பெயர் வந்தது. கருவி எதுவும் தேவையில்லை. ஒருவருக்கு, மிஞ்சினால் இரண்டு பேருக்குத்தான் இப்படிச் சொல்ல முடியும். நீதிமன்றத்திலும் பேச்சுவார்த்தை மேசையிலும் நாற்காலியை ஒட்டிப் போட்டு உட்கார்ந்து செய்கிற வேலை இது. நடந்துகொண்டே, அதுவும் ஒரு ஹோட்டல் சமையலறைக்குள் செய்வதென்றால் அது வேறு சங்கதி.

ஆங்கிலம் கற்பிக்கும் என் தோழி விடுமுறை நாட்களில் இந்த வேலைக்குப் போவாள். தென் மாவட்டத்து ஊர் ஒன்றில் பெரிய ஹோட்டல், பெயர் வேண்டாம். உணவுப் பாதுகாப்புத் தணிக்கைக்கு டெல்லியிலிருந்து ஓர் ஆய்வாளர் வந்திருந்தார். 2018-இல் வந்த விதிமுறைகளின்படி அரசு அதிகாரிகள் தவிர அங்கீகாரம் பெற்ற தனியார் தணிக்கையாளர்களும் உணவுக்கூடங்களைப் பார்வையிடலாம். அப்படி வந்தவர். அவருக்கு இந்தியும் ஆங்கிலமும் தெரியும், தமிழ் தெரியாது. தலைமைச் சமையலாளருக்கு முப்பது வருட அனுபவம், தமிழ் மட்டும்தான். சமையலறையில் எல்லோருக்கும் அவர் ‘மாஸ்டர்’. அன்று நடந்ததை அவள் பல தடவை, பல விதமாக எனக்குச் சொல்லியிருக்கிறாள். அதில் ஒரு கேள்வி இருக்கிறது. அதற்கு வருமுன் அந்த இடத்தையும் வேலையையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவற்றை விட்டுவிட்டால் அந்தக் கேள்வி வெறும் தர்க்க விளையாட்டாகிவிடும்.

முதலில் சத்தம். அடுப்புகளுக்கு மேலே புகை உறிஞ்சும் விசிறிகள், ஒரு மூலையில் மாவு அரைக்கும் கிரைண்டர், இன்னொரு மூலையில் அலுமினியப் பாத்திரங்களின் கணகணப்பு. இந்த இரைச்சலில் உண்மையான கிசுகிசுப்பு யார் காதிலும் விழாது. பெயர்தான் கிசுகிசுப்பு, செய்வது அரைக்குரல். குரலை முழுக்க அடக்கி மூச்சால் மட்டும் பேசினால் அரை மணியில் தொண்டை கம்மிவிடும் என்பது இந்த வேலை செய்கிற எல்லோருக்கும் தெரியும். அடுத்தது இடம். அடுப்பு வரிசைக்கும் வேலை மேசைக்கும் நடுவே இரண்டு பேர் நடக்கிற அகலம்தான் இருந்தது. மாஸ்டர் முன்னால், ஆய்வாளர் பின்னால், அவருக்கும் பின்னால் என் தோழி. மாஸ்டர் முன்னே பார்த்துப் பேசுகிறார். அவர் சொல் இவளுக்கு எட்டுவதில்லை. இவள் ஆய்வாளரின் பிடரியைப் பார்த்துப் பேசுகிறாள். இவள் சொல் அவருக்கு எட்டுவதில்லை. எல்லோர் வாயிலும் முகமூடி இருந்ததால் உதட்டசைவைப் பார்த்து ஊகிக்கவும் வழியில்லை. தரையோ ஈரம்.

இதற்கெல்லாம் அவளிடம் கைவசம் சில வழிகள் உண்டு. முந்தின நாளே போய் வழியைப் பார்த்து வைத்திருந்தாள். நடக்கும்போது பேச வேண்டாம், நின்றுதான் பேச வேண்டும் என்று இருவரிடமும் சொல்லி வைத்திருந்தாள். ஆய்வாளர் வலது கையால் குறிப்பெழுதுகிறவர் என்பதால் அவருடைய இடது தோளுக்கு அரையடி பின்னால் நின்றாள். அங்கிருந்து மாஸ்டரின் முகம் தெரியும், ஆய்வாளரின் காதும் எட்டும். அன்னிய ஆணொருவரின் காதுக்கு ஒரு சாண் தூரத்தில், தன் மூச்சு அவர் கழுத்தில் படாதபடி முகத்தைச் சாய்த்துக்கொண்டு, ஒன்றே முக்கால் மணி நேரம். சட்டையில் மாட்டிக்கொள்ளும் சின்ன மைக்கும் காதில் செருகும் வாங்கியும் கிடைக்கின்றன. சுற்றுலா வழிகாட்டிகள் வைத்திருப்பார்களே, அதுதான். அது இருந்தால் இரண்டு மீட்டர் தள்ளி நின்றே வேலை பார்க்கலாம். கேட்டிருக்கிறாள். ஒருத்தருக்காக எதற்கும்மா என்று அனுப்பியவர்கள் சொல்லிவிட்டார்கள். ஒரு பெண் ஓர் ஆணின் காதோரம் குனிந்து பேசுவதைப் பார்த்து பரிமாறும் பையன்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்ததையும் அவள் சொல்லியிருக்கிறாள். அதை யார் கணக்கில் எழுதுவது?

நேரத்தைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். மாநாடுகளில் உடனுக்குடன் மொழிபெயர்ப்பவர்கள் இருவராக உட்கார்ந்து, இருபது முப்பது நிமிடத்துக்கு ஒரு முறை மாற்றிக்கொள்வார்கள். அதற்கு மேல் போனால் பிழைகள் கூடும். அதைவிட மோசம், பிழை செய்கிறோம் என்பதே செய்கிறவருக்குத் தெரியாமல் போகும். சமையலறைக்கு இரண்டாவது ஆள் வருவதில்லை. அதனால் இவள் அரை மணிக்கு ஒரு தடவை தண்ணீர் குடிக்க நிறுத்துவாள். தாகத்துக்காக அல்ல.

இனி மொழி. தமிழ் படித்தவள் என்பதால் இந்த இடத்தில் நான் கொஞ்சம் அதிகம் நின்றுவிடுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தமிழ் வாக்கியத்தில் வினை கடைசியில் வருகிறது. ஆமாமா இல்லையா என்பதும் அந்தக் கடைசியில்தான் இருக்கிறது. மாஸ்டர் சொன்னார்: “ராத்திரி மிஞ்சின குழம்ப அப்படியே எடுத்து வச்சு காலைல சூடு பண்ணி ஆளுங்களுக்குப் போடறது…” இங்கே அவர் ஒரு கணம் நிறுத்திக் கரண்டியைக் கழுவினார். பிறகுதான் “கிடையாது” என்றார். அந்த ஒரு கணத்தில் இவள் என்ன செய்வாள்? நாங்கள் குழம்பை எடுத்து வைக்கிறோம் என்று ஆங்கிலத்தில் தொடங்கிவிட்டால் அது வாக்குமூலம் ஆகிவிடும். ஆய்வாளரின் பேனா அதற்குள் ஓடிவிடும். கடைசிவரை காத்திருந்தால் அடுத்த வாக்கியம் தொடங்கிவிடும்; இரண்டையும் நினைவில் சுமக்க வேண்டும். அவள் செய்வது இது: “இரவு மிஞ்சின குழம்பு, அதை எடுத்து வைத்துக் காலையில் சூடாக்குவது” என்று வினையில்லாமல், ஒரு தலைப்பைப் போல ஆங்கிலத்தில் வைத்துவிட்டுக் காத்திருப்பாள். ‘கிடையாது’ வந்ததும் ஒரு சொல்லில் முடிப்பாள். பேசுபவருக்கும் இவளுக்கும் நடுவே இரண்டு மூன்று வினாடி இடைவெளி எப்போதும் இருக்கும். அந்த இடைவெளிக்குள் ஒரு மனிதரின் நேர்மை தொங்கிக்கொண்டிருக்கும்.

இன்னொன்று ‘ஆச்சு’. “மேசை துடைச்சாச்சு. பலகை கழுவியாச்சு. குளிர்சாதனப் பெட்டி திங்கக்கிழமையே சுத்தம் பண்ணியாச்சு.” மாஸ்டரின் பேச்சு முழுக்க ஆச்சு. யார் துடைத்தது, யார் கழுவியது? இந்த வடிவத்தில் செய்தவருக்கு இடமே இல்லை. வேலை தானாக முடிந்துவிட்டதைப் போல ஒலிக்கும். நம் வீடுகளிலும் சமைச்சாச்சா, பாத்திரம் தேய்ச்சாச்சா என்று கேட்பவரும் பதில் சொல்பவரும் தேய்த்தவளைச் சொல்வதில்லை. ஆங்கிலமோ எழுவாய் இல்லாமல் லேசில் நகராது. அவசரத்தில் மொழிபெயர்ப்பவர்கள் ‘வீ’ என்று ஒன்றைச் சேர்த்துவிடுகிறார்கள். நாங்கள் கழுவிவிட்டோம். மாஸ்டர் எடுத்துக்கொள்ளாத பொறுப்பு அவர் தலையில் ஏறுகிறது. அவர் செய்யாத உழைப்பும் அவர் கணக்கில் சேர்கிறது. செயப்பாட்டு வினையில், கழுவப்பட்டுவிட்டது என்று சொல்வதே சரி என்பது என் தோழியின் கட்சி. அப்படிச் சொன்னால்தான் ஆய்வாளருக்கு ‘யாரால்?’ என்று கேட்கத் தோன்றும். அவருக்கும் தோன்றியது. மாஸ்டர் தலையைத் திருப்பாமல் கையை மட்டும் பின்பக்கம் காட்டினார். பாத்திரம் கழுவும் தொட்டிகளின் முன் நான்கு பெண்கள் நின்றிருந்தார்கள்.

அடுத்தது, மொழிபெயர்க்கவே முடியாத ஒன்று. மாஸ்டர் ஆய்வாளரை சார் என்றார், என் தோழியை ம்மா என்றார். வெங்காயம் நறுக்குகிற பையனை டேய் என்றார். தொட்டியருகே நின்ற, அவரைவிடப் பத்து வயதாவது மூத்த ஒரு பெண்ணை, “ஏய், தள்ளி நில்லு” என்றார். இவை எல்லாமே ஆங்கிலத்தில் ஒரே ‘யூ’. ஆய்வாளரின் இடது காதில் அந்தச் சமையலறை சமத்துவபுரமாக ஒலித்தது. எல்லோரும் எல்லோரையும் ஒரே மாதிரி அழைக்கிறார்கள். தலைமைச் சமையலாளர் ஒரு தொழிலாளியைக் கொஞ்சம் நகரச் சொல்கிறார், அவ்வளவுதான்.

சொற்களை நேர்மையாகப் பெயர்த்ததாலேயே இப்படி ஒரு பொய் உண்டாகிறது. ‘மரியாதைக் குறைவான வடிவத்தில் சொன்னார்’ என்று சேர்க்கலாமா? சேர்த்தால் அது மொழிபெயர்ப்பா, சாட்சியமா? எனக்கென்னவோ சேர்க்கலாம் என்றுதான் படுகிறது. தமிழ் தெரிந்த ஓர் ஆய்வாளர் அங்கே நின்றிருந்தால் அது அவருக்கு ஒரு நொடியில் தெரிந்திருக்கும். அவருக்குத் தெரிந்திருக்கக்கூடியதை இவருக்கும் தெரியச் செய்வதுதான் வேலை. அது உணவுப் பாதுகாப்புக்குச் சம்பந்தமில்லாத தகவலும் அல்ல. வயிற்றுப்போக்கோ கையில் வெட்டுக்காயமோ இருப்பவர் உணவைத் தொடக் கூடாது, உடனே மேலாளரிடம் சொல்லிவிட வேண்டும் என்பது அடிப்படை விதி. ‘ஏய்’ என்று அழைக்கப்படுகிறவள், கூலி போய்விடும் என்று பயப்படுகிறவள், தனக்கு வயிறு சரியில்லை என்று யாரிடம் போய்ச் சொல்வாள்? அழைப்பு முறை அங்கே சுகாதார விஷயம்தான். தோழி என்னுடன் உடன்படவில்லை. இதைச் சேர்க்கத் தொடங்கினால் மாஸ்டரின் புருவத்தையும் சேர்க்க வேண்டி வரும் என்றாள். அவள் செய்தது வேறு: ‘ஏய்’ என்பதை ‘ஏய்’ என்றே ஆங்கில வாக்கியத்தின் நடுவே விட்டுவிட்டாள். தமிழ் தெரியாதவர் காதிலும் அந்த ஒலி கொஞ்சம் உறுத்தும் என்று நினைத்தாள்.

இப்போது சாதம்.

காலை ஒன்பதரை மணி. அடுப்பு வரிசையின் கடைசியில், மேசைக்குக் கீழே, துணி போட்டு மூடிய ஓர் அண்டா. ஆய்வாளர் துணியை விலக்கினார். வடித்த சாதம், அண்டாவில் முக்கால். என்ன இது என்று கேட்டார். தோழி உரக்கத் தமிழில் கேட்டாள். (ஆய்வாளரின் கேள்விகளை அவள் எல்லோருக்கும் கேட்கும்படி சொல்வாள், பதில்கள் மட்டும்தான் காதோரம் போகும்.) மாஸ்டர் சொன்னார்: “புளியோதரைக்கு. எட்டு மணிக்கு வடிச்சது. ஆற வச்சிருக்கோம்.” தோழி சொல்லி முடிக்கும்போது, தொட்டிப் பக்கமிருந்து, பாத்திரச் சத்தத்துக்கு நடுவே, யாருக்கும் சொல்லாததுபோல ஒரு பெண் குரல்: “நேத்து ராத்திரியே வடிச்சதுதான அது.” மாஸ்டர் திரும்பினார். “வாய மூடிட்டு வேலையப் பாரு.” சிரித்த முகத்துடன் மறுபடி ஆய்வாளர் பக்கம் திரும்பிக்கொண்டார்.

தோழியின் இரண்டு மூன்று வினாடி இடைவெளி அப்போது ஓடிக்கொண்டிருந்தது.

இரவு வடித்த சாதம் என்றால் என்ன கெட்டுவிட்டது, பழைய சோறு நாம் சாப்பிடாததா என்று உங்களுக்குத் தோன்றலாம். வீட்டுச் சட்டியில் தண்ணீர் ஊற்றிப் புளிக்க வைப்பது வேறு. அண்டா நிறையச் சாதத்தை அப்படியே மூடி வைப்பது வேறு. அரிசியில் இயல்பாகவே இருக்கக்கூடிய பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் கொதிநீரிலும் சாவதில்லை. சாதம் வெதுவெதுப்பாக நெடுநேரம் கிடந்தால் அவை முளைத்துப் பெருகி நஞ்சை உண்டாக்கும். வாந்தியை வரவழைக்கும் அந்த நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. அதனால்தான் சமைத்த உணவு சூடாக இருந்தால் 60 டிகிரி செல்சியஸுக்கு மேல், குளிர்ச்சியாக இருந்தால் 5 டிகிரிக்குக் கீழ் இருக்க வேண்டும் என்பது விதி. இரண்டுக்கும் நடுவில் மணிக்கணக்கில் கிடப்பது ஆபத்து. பெரிய பாத்திரத்தின் நடுப்பகுதி அந்த நடுச்சூட்டிலேயே இரவு முழுக்கக் கிடக்கும். மதியம் அந்தப் புளியோதரையைச் சாப்பிடப்போகிறவர்களில் பள்ளிப் பிள்ளைகள் இருக்கலாம், கர்ப்பிணி இருக்கலாம்.

ஆக அந்த முணுமுணுப்பு வம்பு அல்ல. தகவல். அதே நேரம் அது அந்தப் பெண்ணின் வேலை. அவள் ஆய்வாளரிடம் பேசவில்லை. தன் சொல் வேறொரு மொழிக்குள் நடந்துபோய் ஓர் அதிகாரியின் காதுக்குள் இறங்கும் என்று அவளுக்குத் தெரியாது. தெரியாத ஒருத்தியின் சொல்லை எடுத்துக்கொண்டு போவது சரியா?

சொல்லாமல் விடலாம் என்பதற்கு நல்ல காரணங்கள் உண்டு. மொழிபெயர்ப்பாளர் கேள்வி கேட்கப்பட்டவரின் பதிலைச் சொல்ல வந்தவள். அறையில் மிதக்கிற எல்லாவற்றையும் பொறுக்கிக் கொடுக்க வந்தவள் அல்ல. சொன்னதால் வரும் தண்டனை மேலிருந்து கீழே இறங்கி, கடைசியில் தொட்டியருகே நிற்கிறவள் மேல்தான் விழும். பெண்ணியவாதியாக எனக்கும் முதலில் இதுதான் தோன்றியது: அவளைக் காப்பாற்று, கேட்காததுபோல இரு.

ஆனால் கொஞ்சம் யோசித்தால் இந்தக் காப்பாற்றலில் ஏதோ நெருடுகிறது. அந்தச் சமையலறையில் மாஸ்டரின் ஒவ்வொரு சொல்லும், சமாளிப்பு உட்பட, பிசகாமல் ஆய்வாளரின் காதுக்குப் போகிறது. ஒரு பெண் சொன்ன ஒரே ஒரு வாக்கியம் மட்டும் அவளுடைய நன்மைக்காக வடிகட்டப்படுகிறது. அவளை முதலில் மாஸ்டர் வாயை மூடச் சொன்னார். இரண்டாவதாக, அன்போடு, மொழிபெயர்ப்பாளரும் மூடிவிடுகிறாள். அவள் ஏன் அதை அப்போது சொன்னாள் என்று நமக்குத் தெரியாது. வாய் தவறி வந்திருக்கலாம். யாராவது கேட்கட்டும் என்றும் வந்திருக்கலாம். பல வருடம் ஒரே தொட்டி முன் நிற்கிறவளுக்கு வெள்ளைக் கோட்டு போட்டு வந்திருப்பவர் யார் என்று தெரியாதா என்ன? அவள் பயந்தவள், தெரியாதவள் என்று நாமாக முடிவு செய்து அவள் சொல்லைப் பூட்டி வைப்பதில் ஒரு மேட்டிமை இருக்கிறது.

சங்க அக இலக்கியத்தில் ‘அறத்தொடு நிற்றல்’ என்று ஒரு துறை உண்டு. தலைவியின் காதலைத் தோழி செவிலிக்குச் சொல்வாள், செவிலி நற்றாய்க்கு, நற்றாய் தந்தைக்கும் தமையன்மார்க்கும். சொல்ல முடியாதவளின் மறைவை இன்னொருத்தி உரிய காதில் வெளிப்படுத்துவதை நம் மரபு காட்டிக்கொடுத்தல் என்று சொல்லவில்லை, அறம் என்று பெயரிட்டது. வகுப்பில் இதைப் பாடமாகச் சொல்லும்போதெல்லாம் எனக்கு அந்தச் சமையலறை ஞாபகம் வரும். ஆனால் ஒப்புமை பாதிதூரம்தான் வரும். தோழி தலைவியின் பக்கம் நிற்பவள். எதை, எப்போது, எந்தச் சொல்லில் சொல்வது என்பதை அவளே தேர்ந்தெடுப்பாள். மொழிபெயர்ப்பவளுக்கு அந்தச் சலுகை இல்லை. அவள் பக்கம் சாய்ந்தால் மாஸ்டருக்கு அநீதி. முகமூடிக்குள் இவள் என்ன சொல்கிறாள் என்று மாஸ்டருக்குக் கேட்காது, கேட்டாலும் புரியாது. தன் பதில் என்னவாக மாறிப் போகிறது என்று சரிபார்க்க அவருக்கு வழியே இல்லை. கிசுகிசுப்பு ஒரு காதுக்கு மட்டும் சேவகம் செய்கிறது, அது அதிகாரம் உள்ள காது. அந்த நிலையில் மாஸ்டருக்கு இருக்கிற ஒரே பாதுகாப்பு, இவள் எல்லோருக்கும் ஒரே அளவுகோல் வைத்திருக்கிறாள் என்பதுதான். இன்னொரு திசையிலும் அதே அளவுகோல் வேண்டும். ஆய்வாளர் குளிர் அறையில் தனக்குத்தானே ஆங்கிலத்தில் முனகிய ஒரு கடுமையான சொல்லை அவள் மாஸ்டருக்குத் தமிழில் சொன்னாள். ஆய்வாளருக்கு அது பிடிக்கவில்லை.

சாதத்தருகே அவள் செய்தது இது. தலையைத் திருப்பவில்லை, கண்ணையும் அந்தப் பக்கம் கொண்டுபோகவில்லை. அதே அரைக்குரலில், அதே வேகத்தில், “பின்னாலிருந்து ஒரு குரல்: இது நேற்று இரவே வடித்தது. மாஸ்டர்: வாயை மூடிக்கொண்டு வேலையைப் பார்” என்று ஆங்கிலத்தில் சொன்னாள். குரல் ஆணா பெண்ணா என்று சொல்லவில்லை. தமிழ் வாக்கியத்தில் அது இல்லை, ஆங்கிலத்திலும் தேவைப்படவில்லை. ஆய்வாளர் கேட்டிருந்தால், அந்தக் கேள்வியை உரக்கத் தமிழில் எல்லோருக்கும் சொல்லியிருப்பாளே தவிரத் தானாக அடையாளம் காட்டியிருக்க மாட்டாள். யார் என்று சுட்டுவது பெயர்ப்பு அல்ல. அது அவளுடைய சொந்தச் சொல்லாகிவிடும்.

நல்லவேளையாக ஆய்வாளர் தொழில் தெரிந்தவர். அவரும் தலையைத் திருப்பவில்லை. பையிலிருந்து கூரான வெப்பமானியை எடுத்து, அதைத் துடைத்து, சாதத்தின் மேல்பரப்பில் ஓர் அங்குலம் செருகினார்: 31 டிகிரி. பிறகு நடுவில் அடிவரை இறக்கினார்: 38. எட்டு மணிக்கு வடித்துப் பரப்பி ஆற வைக்காமல் அண்டாவிலேயே மூடிய சாதம் ஒன்றரை மணி நேரத்தில் நடுவில் இவ்வளவு ஆறாது. கை வைக்க முடியாத சூடு இருக்க வேண்டும். அண்டாவில் நாளோ நேரமோ எழுதிய சீட்டு இல்லை. சமையல் நேரம் எழுதும் பதிவேட்டைக் கேட்டார். வந்தது. அன்றைய தேதியில் மாலைவரை எல்லாக் கட்டங்களும் ஒரே மையில், ஒரே கையெழுத்தில், ஏற்கெனவே நிரப்பப்பட்டிருந்தன. மாஸ்டர் ஒன்றும் பேசவில்லை. பேசாமை மொழிபெயர்க்க வேண்டியிராத ஒன்று.

அறிக்கையில் எழுதப்பட்டவை மூன்று வரிகள்: சாதத்தின் வெப்பநிலை, சீட்டு இல்லாதது, முன்கூட்டி நிரப்பிய பதிவேடு. அண்டா அவர் கண்ணெதிரிலேயே கொட்டப்பட்டது. ஆதாரம் என்ற இடத்தில் வெப்பமானியும் பதிவேடும் இருந்தன, பெண் குரல் இல்லை. அதை வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறார். ஒரு துப்பு எங்கிருந்து வந்தாலும், அதை மறுபடி வேறு வழியில் கண்டுபிடித்து எழுதினால் சொன்னவருக்குச் சேதமில்லை என்பது அனுபவமுள்ள ஆய்வாளர்களின் பழக்கம். ஆனால் இது முழுக்க அவருடைய பக்குவத்தைப் பொறுத்தது. பக்குவமில்லாத ஒருவர் “யார் அது?” என்று திரும்பியிருந்தால், தோழி கடைப்பிடித்த அதே நேர்மை அந்தப் பெண்ணைத் தெருவில் நிறுத்தியிருக்கும். மாஸ்டருக்கோ குரல் யாருடையது என்று முதலிலிருந்தே தெரியும். ஆய்வாளர் போன பிறகு அந்தத் தொட்டியருகே நடந்த உரையாடலுக்கு மொழிபெயர்ப்பாளர் யாரும் தேவைப்பட்டிருக்க மாட்டார்.

அதனால் எனக்கும் என் தோழிக்கும் இடையில் வாதம் வேறு இடத்துக்கு நகர்ந்தது. சொல்லலாமா கூடாதா என்பதை அந்த மூன்று வினாடியில் தீர்க்க முடியாது, அதற்கு முன்பே தீர்த்து வைக்க வேண்டும் என்றேன். உள்ளே நுழையும்போதே, மேலாளருக்கும் மாஸ்டருக்கும் மட்டுமல்லாமல், சமையலறையில் இருக்கிற ஒவ்வொருவருக்கும் தமிழில் சொல்லிவிட வேண்டும்: நான் யார், எதற்கு இவர் காதோரம் பேசிக்கொண்டே வரப்போகிறேன், என் காதில் விழுகிற எதையும் விட மாட்டேன், அவர் பேசுவதையும் உங்களிடம் மறைக்க மாட்டேன். அப்போது பேசுவதும் பேசாமலிருப்பதும் அந்தப் பெண்ணின் முடிவாக இருக்கும். பயம் போய்விடாதுதான். ஆனால் தெரியாமல் மாட்டிக்கொள்வது என்பது இருக்காது. முன்னறிவிப்புக் கொடுத்தால் எல்லோரும் வாயை மூடிக்கொள்வார்களே, ஆய்வாளருக்கு நஷ்டம்தானே என்று அவள் கேட்டாள். நஷ்டம்தான். தெரியாமல் நழுவிவிழும் சொற்களை நம்பித்தான் ஆய்வு நடக்க வேண்டும் என்றால், அந்த ஆய்வு தன் வேலையைக் கடைநிலைப் பெண்களின் தலையில் கட்டுகிறது என்று அர்த்தம். வெப்பமானி எதற்கு இருக்கிறது?

அடுத்த முறை, வேறொரு ஊரில், வேறொரு ஹோட்டலில், அவள் இதைச் செய்து பார்த்தாள். எல்லோரையும் ஒரு நிமிடம் கூட்ட வேண்டும் என்று மேலாளரிடம் கேட்டாள். சமையல்காரர்களைக் கூட்டினார். பாத்திரம் கழுவுகிறவர்களையும் என்றதற்கு, அவங்க எதுக்கும்மா, அவங்களுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம் என்றார். சரி என்று சொல்லிவிட்டு, ஆய்வாளர் தலைக்கு வலைத்தொப்பி மாட்டிக்கொண்டிருந்த நேரத்தில் இவளே தொட்டிப் பக்கம் போய்ச் சொன்னாள். மூன்று பெண்கள். ஒருவர் நிமிர்ந்தே பார்க்கவில்லை. ஒருவர், “எங்களுக்கு எதுக்கு வம்பு” என்று ஒதுங்கிக்கொண்டார், நடை முடியும்வரை வாயைத் திறக்கவில்லை. மூன்றாமவர் ஈரக் கையைப் புடவையில் துடைத்தபடி யோசித்தார்.

“அப்ப நான் சொன்னா அப்படியே அவர்கிட்ட சொல்லிருவீங்களா? கூட்டிக் கொறைக்காம?”

“சொல்லிருவேன்.”

“மாஸ்டர் நிக்கும்போதேவா?”

“ஆமாங்க, அவர் நிக்கும்போதேதான்.”

ஆய்வாளரும் மாஸ்டரும் அந்தப் பக்கம் வந்தபோது அவர் இரண்டாவது குழாயைத் திறந்து காட்டினார். சுடுதண்ணீர்க் குழாய் அது. பச்சைத் தண்ணீர் வந்தது. எத்தனை மாதமாக என்று அவரே சொன்னார். என் தோழி ஆய்வாளரின் இடது காதில், ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல், சொல்லத் தொடங்கினாள்.